விளையாடாத நேரத்தின் கரண்ட் செலவு

கேமிங் கணினி வாங்கிய வீட்டில் கரண்ட் பில் கூடினால் இரண்டு கட்சிகள் உருவாகிவிடும். "உள்ளே இருக்கிற எஸ்எம்பிஎஸ்-இல் 650 வாட் என்று போட்டிருக்கிறது, அவ்வளவையும் நாள் முழுக்க இழுத்தால் பில் ஏறாமல் என்ன செய்யும்?" என்று பில் கட்டுகிறவர் கேட்பார். "விளையாடும்போதுதான் கரண்ட் இழுக்கும். மற்ற நேரம் சும்மாதானே இருக்கிறது?" என்று விளையாடுகிறவர் பதில் சொல்வார். எவ்வளவு இழுக்கிறது என்று யாரும் அளந்து பார்த்திருக்க மாட்டார்கள். அளந்து பார்த்தால் இரண்டு வாதமுமே நிற்காது. 650 வாட் கணக்கு உண்மையை விடப் பல மடங்கு பெரியது. சும்மா இருப்பதற்குச் செலவில்லை என்பதோ, நாளுக்கு மூன்று மணி நேரம் விளையாடி மற்ற நேரமெல்லாம் அணைக்காமல் விடும் வீட்டில், நேர்மாறான பொய். அங்கே விளையாட்டை விடச் சும்மா இருக்கும் நேரம்தான் அதிக யூனிட் எடுக்கிறது. தமிழ்நாட்டு வீட்டு மின்கட்டணத்தின் அடுக்குமுறையில் அந்த யூனிட்டுகளுக்கு இன்னும் அதிக விலை விழவும் கூடும்.

இந்தத் தீர்ப்பு எந்த அளவுகளில் நிற்கிறது, எங்கே நிற்காது என்பதைப் படிப்படியாகப் பார்ப்போம்.

எந்தக் கணினி, எந்த அளவு

கேமிங் கணினி என்று பொதுவாகப் பேசினால் கணக்கு நழுவிவிடும் என்பதால் ஒரு நடுத்தர அமைப்பை எடுத்துக்கொள்கிறேன். பிராசசர் ரைசன் 5 7600. கிராபிக்ஸ் கார்டு ஆர்டிஎக்ஸ் 4070. இரண்டும் 2023-இல் சந்தைக்கு வந்தவை. 27 அங்குல மானிட்டர், 650 வாட் கோல்டு தர எஸ்எம்பிஎஸ்.

650 வாட் என்பது அந்த எஸ்எம்பிஎஸ் உள்ளே இருக்கும் பாகங்களுக்குக் கொடுக்கக்கூடிய உச்ச அளவு. அது எப்போதும் இழுக்கும் அளவு ஆகாது. பாகங்கள் கேட்பதை மட்டுமே அது சுவரிலிருந்து எடுக்கும். கேட்ட அளவோடு, மாற்றும்போது வெப்பமாகப் போகும் ஒரு பங்கும் சேரும். ஆகவே தொடங்க வேண்டிய இடம் பாகங்கள் கேட்கும் அளவு.

கனமான கேம் ஓடும்போது கிராபிக்ஸ் கார்டு தன் வரம்பான 200 வாட்டை ஒட்டி நிற்கும். பிராசசரின் உச்ச வரம்பு 88 வாட். ஆனால் கேமில் அதன் எல்லாக் கோர்களும் முழுதாக வேலை செய்வது அரிது, அதனால் பெரும்பாலும் 60 முதல் 70 வாட்டுக்குள் இருக்கும். மதர்போர்டு, ரேம், எஸ்எஸ்டி, ஃபேன்கள் எல்லாம் சேர்ந்து 35, 40 வாட். மொத்தம் 300 வாட்டுக்கு அருகில் வருகிறது. இந்தப் பாரத்தில் நல்ல எஸ்எம்பிஎஸ் ஏறக்குறைய 90 சதவீதத் திறனில் வேலை செய்யும் என்பதால் சுவரில் 330 வாட். மானிட்டருக்கு 30 சேர்த்தால் 360 வாட். ஒரு மணி நேர விளையாட்டுக்கு 0.36 யூனிட்.

இப்போது அதே கணினியில் கேமை மூடி, டெஸ்க்டாப்பில் விட்டுவிட்டு எழுந்து போகிறோம். மானிட்டர் தானாக அணைகிறது. கிராபிக்ஸ் கார்டு 12, 15 வாட்டுக்கு இறங்கிவிடும். பிராசசர் அவ்வளவு இறங்காது. இந்த ரைசன் வகையில் கோர்கள் ஒரு சில்லிலும், ரேமையும் மற்ற இணைப்புகளையும் கையாளும் பகுதி இன்னொரு சில்லிலும் இருக்கின்றன. கோர்கள் தூங்கினாலும் இரண்டாவது சில் விழித்தே இருப்பதால் மொத்தப் பிராசசரும் 20 முதல் 30 வாட் வரை எடுத்துக்கொண்டே இருக்கும். மதர்போர்டு, ஃபேன், எஸ்எஸ்டி ஆகியவற்றுக்கு இன்னும் 20 வாட். பாகங்கள் கேட்பது மொத்தம் 60 வாட்டுக்குள்தான். ஆனால் 650 வாட் எஸ்எம்பிஎஸ்-க்கு அது பத்தில் ஒரு பங்குப் பாரம்கூட இல்லை, அந்த அளவில் அதன் திறன் குறைகிறது. எனவே சுவரில் 70 வாட்.

சும்மா இருக்கும் கணினி மிகக் குறைவாக இழுக்கும் என்ற நம்பிக்கை பெரும்பாலும் மடிக்கணினியிலிருந்து வந்தது. மடிக்கணினி பேட்டரியைக் காக்கவே வடிவமைக்கப்பட்டது, சும்மா இருக்கையில் சில வாட்டுகளுக்கு இறங்கிவிடும். மேசைக் கேமிங் கணினிக்கு அந்தக் கட்டாயம் இல்லை.

ஆக விளையாட்டு 360, சும்மா 70. விளையாட்டு ஐந்து மடங்கு. இந்த ஐந்து மடங்கைப் பார்த்ததும் விளையாட்டே செலவு என்று முடிவு கட்டத் தோன்றும். ஆனால் யூனிட் என்பது வாட்டையும் நேரத்தையும் பெருக்கி வருவது. ஒரு நாளில் எது எத்தனை மணி நேரம் ஓடுகிறது என்று கேட்காமல் எது பெரிது என்று சொல்ல முடியாது.

ஒரு நாள், ஒரு மாதம்

நாளுக்கு மூன்று மணி நேரம் விளையாடும் ஒருவரை எடுத்துக்கொள்வோம். விளையாட்டுக்கு 1.08 யூனிட். மீதி 21 மணி நேரமும் கணினி அணைக்கப்படாமல் டெஸ்க்டாப்பில் இருந்தால் 1.47 யூனிட். 30 நாள் மாதத்தில் விளையாட்டு 32.4 யூனிட், சும்மா இருந்த நேரம் 44.1 யூனிட். விளையாடாத கணினி, விளையாடிய கணினியை விட மாதம் ஏறக்குறைய 12 யூனிட் அதிகமாக எடுத்திருக்கிறது.

இரண்டும் சமமாகும் இடம் நாளுக்கு 3 மணி 54 நிமிட விளையாட்டு. அதற்கும் குறைவாக விளையாடி, கணினியை அணைக்காமல் விடுகிறவருக்குச் சும்மா இருக்கும் நேரமே பெரிய செலவு. அதற்கு மேல் விளையாடுகிறவருக்கு விளையாட்டு பெரிய செலவு.

24 மணி நேரமும் யாரும் அப்படி விட்டுவைப்பதில்லை என்று ஒருவர் சொல்லலாம், நியாயமான மறுப்புதான். காலை எட்டு மணிக்கு ஆன் செய்து நள்ளிரவில் அணைக்கும் வழக்கம் இதைவிடப் பரவலானது. அப்போது 16 மணி நேரத்தில் விளையாட்டு 3, சும்மா 13. சும்மா இருந்த நேரத்துக்கு மாதம் 27.3 யூனிட், விளையாட்டுக்கு அதே 32.4. சும்மா இருப்பது முந்தவில்லை, ஆனால் மொத்தச் செலவில் பாதிக்குச் சற்றே குறைவு. அதைச் செலவே இல்லை என்று ஒதுக்க முடியாது.

இன்னொரு வேறுபாட்டையும் இங்கே தெளிவாக்க வேண்டும். மானிட்டரை எரியவிட்டு உலாவியில் படிப்பது, பாட்டுக் கேட்பது, பாடம் எழுதுவது எல்லாம் 100 வாட்டுக்கு அருகில் இழுக்கும். அதை நான் சும்மா இருக்கும் நேரத்தில் சேர்க்கவில்லை, ஏனென்றால் அது பயன்பாடு. யாரும் எதிரில் இல்லாமல், கணினிக்கும் எந்த வேலையும் இல்லாமல் ஓடும் நேரத்தைத்தான் இங்கே எடைபோடுகிறேன்.

கேம் டவுன்லோடு ஆகட்டும் என்று விடுவதும் பயன்பாடே. 100 ஜிபி கேம், நொடிக்கு 100 மெகாபிட் இணைப்பில் ஏறக்குறைய இரண்டேகால் மணி நேரத்தில் இறங்கிவிடும். அதற்குக் கால் யூனிட்கூட ஆகாது. டவுன்லோடு முடிந்த பிறகு விடியும்வரை ஓடும் ஆறு மணி நேரத்துக்கு 0.42 யூனிட் ஆகிறது. டவுன்லோடுக்கான செலவைப் போல இரண்டு மடங்குக்கு மேல் அதன் பின்னால் வரும் காத்திருப்புக்குப் போகிறது.

இடைநிறுத்தம் ஓய்வு அல்ல

விளையாட்டு, சும்மா என்று இரண்டாகப் பிரித்ததில் ஒரு மூன்றாம் நிலை மறைந்து கிடக்கிறது. சாப்பிடக் கூப்பிடுகிறார்கள் என்று கேமை பாஸ் செய்துவிட்டு எழுந்து போகிறோம். திரையில் எதுவும் அசையவில்லை, அதனால் கணினியும் ஓய்வில் இருக்கிறது என்று நினைக்கிறோம். ஆனால் பல கேம்களில் பாஸ் மெனுவுக்குப் பின்னால் முழுக் காட்சியும் நொடிக்கு நூறு தடவைக்கு மேல் திரும்பத் திரும்ப வரையப்பட்டுக்கொண்டே இருக்கும். கிராபிக்ஸ் கார்டு 150, 200 வாட்டில் நிற்கும். சில கேம்களில் மெனுவுக்கு பிரேம் வரம்பு இல்லாததால் விளையாடும்போது இழுத்ததை விட மெனுவில் அதிகம் இழுப்பதும் உண்டு.

இதைக் கண்டுபிடிக்கக் கருவி தேவையில்லை. எழுந்து போன ஐந்து நிமிடம் கழித்தும் ஃபேன் சத்தம் அடங்கவில்லை என்றால் அது ஓய்வு நிலை அல்ல. எண்ணில் பார்க்க வேண்டுமானால், என்விடியா கார்டு உள்ள கணினியில் இந்தக் கட்டளை நொடிக்கு ஒரு முறை கார்டின் வாட் அளவைக் காட்டும்:

```
nvidia-smi --query-gpu=power.draw --format=csv -l 1
```

ஆளில்லாமல் பாஸில் கிடக்கும் நேரம் நாளுக்கு ஒரு மணி என்றால், மானிட்டரும் எரிந்துகொண்டிருப்பதால், மாதம் 10 யூனிட்டைத் தொடும். இதைச் சும்மா இருக்கும் கணக்கில் 70 வாட் என்று எழுதினால் கணக்கே பொய்யாகிவிடும்.

இதே கட்டளை இன்னொரு கோளாறையும் காட்டிக்கொடுக்கும். டெஸ்க்டாப்பில் எதுவும் ஓடாதபோதும் கார்டு 15 வாட்டுக்கு இறங்காமல் 30, 40 வாட்டிலேயே நிற்கலாம். இரண்டு மானிட்டர்கள் வெவ்வேறு புதுப்பிப்பு வேகத்தில் இருந்தாலோ, ஒரே மானிட்டர் மிக உயர்ந்த வேகத்தில் இருந்தாலோ கார்டின் நினைவகம் தன் வேகத்தைக் குறைக்க முடியாமல் போவதுதான் பெரும்பாலும் காரணம். வேகத்தை ஒரு படி குறைத்துவிட்டு மறுபடி பார்த்தால் உண்மை தெரிந்துவிடும்.

அளவை எங்கே எடுப்பது

மென்பொருள் காட்டும் எண்ணை மட்டும் நம்பி மாதக் கணக்குப் போடுவது அடிக்கடி நடக்கும் பிழை. அந்த எண்ணில் மதர்போர்டு இல்லை, மானிட்டர் இல்லை, எஸ்எம்பிஎஸ் வீணாக்கும் பங்கும் இல்லை. சும்மா இருக்கும் நிலையில் இந்தப் பிழை மிகப் பெரியது. பிராசசர் 25, கார்டு 15 என்று 40 வாட் காட்டும்போது சுவரில் 70 ஓடிக்கொண்டிருக்கும்.

நம்பத்தக்க அளவு சுவர்ச் சாக்கெட்டுக்கும் பிளக்குக்கும் இடையில் செருகும் சிறிய எனர்ஜி மீட்டரில்தான் கிடைக்கும். அதில் பார்க்க வேண்டியது வாட்டும் யூனிட்டும். ஆம்பியரைப் பார்த்து 230-ஆல் பெருக்கினால், குறைந்த பாரத்தில் பவர் ஃபேக்டர் குறைவதால், உண்மையை விட அதிகமான எண் வந்துவிடும். நாம் பணம் கட்டுவது வாட் கணக்குக்கு.

அதுவும் இல்லையென்றால் வீட்டு மீட்டரே போதும். அதில் ஒரு சிறு சிவப்பு விளக்கு விட்டுவிட்டு மின்னும். பக்கத்திலேயே ஒரு யூனிட்டுக்கு எத்தனை மின்னல் என்று `imp/kWh` என அச்சிட்டிருக்கும். அந்த எண் 3200 என்றால், இரண்டு மின்னல்களுக்கு இடைப்பட்ட நொடிகளால் 1125-ஐ வகுத்தால் அந்த நேரத்து வாட் அளவு கிடைக்கும். வேறு எண்ணாக இருந்தால் 36,00,000-ஐ அந்த எண்ணால் வகுத்து, வருவதை 1125-க்குப் பதிலாக வைத்துக்கொள்ள வேண்டும். ஃபிரிட்ஜ் உட்பட மற்ற எல்லாவற்றையும் சில நிமிடம் நிறுத்திவிட்டுக் கணினியை மட்டும் ஓடவிட்டுப் பத்து மின்னல்களுக்கு நேரம் பார்த்தால் பிழை குறையும். நம் கணினி கேமில் மூன்று நொடிக்குச் சற்று மேல் ஒரு முறை மின்னும். சும்மா இருக்கையில் 16 நொடிக்கு ஒரு முறை மின்னும். 16 நொடிக்குப் பதில் 9, 10 நொடி என்று வந்தால் ஏதோ ஒன்று பின்னணியில் ஓடுகிறது என்று பொருள்.

பணமாக மாற்றும்போது

யூனிட்டைப் பணமாக்குவதில்தான் இரு கட்சியுமே தடுமாறுகிறார்கள். வழக்கமான முறை, பில் தொகையை மொத்த யூனிட்டால் வகுத்து ஒரு யூனிட்டின் சராசரி விலையைக் கண்டுபிடித்து, அதைக் கணினியின் யூனிட்டால் பெருக்குவது. அடுக்குக் கட்டணம் உள்ள இடத்தில் இந்த முறை தவறானது.

தமிழ்நாட்டில் வீட்டு இணைப்புக்கு இரண்டு மாதத்துக்கு ஒரு முறை ரீடிங் எடுக்கப்படுகிறது. 2024 ஜூலையில் நடைமுறைக்கு வந்த விகிதப்படி, மொத்தப் பயன்பாடு 500 யூனிட்டுக்குள் இருந்தால் முதல் 100 இலவசம், அடுத்த 100-க்கு யூனிட்டுக்கு ரூ. 2.35, 201 முதல் 400 வரை ரூ. 4.70, 401 முதல் 500 வரை ரூ. 6.30. மொத்தம் 500-ஐத் தாண்டிவிட்டால் ரூ. 2.35 என்ற சலுகை அடுக்கு மறைந்து, 101 முதல் 400 வரை முழுவதும் ரூ. 4.70 ஆகிவிடும். 501 முதல் 600 வரை ரூ. 8.40, 601 முதல் 800 வரை ரூ. 9.45, அதற்கு மேல் இன்னும் ஏறும்.

கணினி இல்லாமல் இரண்டு மாதத்துக்கு 380 யூனிட் ஆகும் வீடு ஒன்றை எடுத்துக்கொள்வோம். பில் ரூ. 1,081. சராசரி யூனிட் விலை ரூ. 2.84.

கணினி வருகிறது. நாளுக்கு மூன்று மணி நேர விளையாட்டு, மற்ற நேரம் ஷட்டவுன். இரண்டு மாதத்துக்கு 65 யூனிட் கூடி 445 ஆகிறது. பில் ரூ. 1,458.50. விளையாட்டின் விலை ரூ. 377.50, மாதத்துக்கு ஏறக்குறைய ரூ. 189.

அதே விளையாட்டு, ஆனால் கணினி ஒருபோதும் அணைக்கப்படுவதில்லை. இன்னும் 88 யூனிட் கூடி 533 ஆகிறது. 500-ஐத் தாண்டியாயிற்று. பில் ரூ. 2,317.20. சும்மா இருந்ததற்கு மட்டும் ரூ. 858.70, மாதத்துக்கு ரூ. 429. யூனிட் அளவில் விளையாட்டை விட மூன்றில் ஒரு பங்கு மட்டுமே அதிகமாக இருந்தது பண அளவில் இரண்டேகால் மடங்காகிவிட்டது. ஒரு யூனிட்டுக்கு விழுந்த விலை ரூ. 9.76. சராசரி விலையான ரூ. 2.84-ஐ வைத்து 153 யூனிட்டுக்கும் கணக்குப் போட்டவர் ரூ. 435 என்று எதிர்பார்த்திருப்பார். பில்லில் கூடியதோ ரூ. 1,236.20.

500-ஆவது யூனிட்டின் ஓரத்தை இங்கே தனியாகப் பார்க்க வேண்டும். சரியாக 500 யூனிட்டுக்கு பில் ரூ. 1,805. 501 யூனிட்டுக்கு ரூ. 2,048.40. அந்த ஒரு யூனிட்டின் விலை ரூ. 243.40. மேலே சொன்ன 16 மணி நேர வழக்கத்தில் இந்த வீட்டின் பயன்பாடு 500-ஐ ஒட்டி வந்து நிற்கிறது. அந்த நிலையில் ஒரே ஒரு இரவு அணைக்க மறந்தாலும் எல்லை தாண்டிவிடலாம்.

கணக்கின் மேல் எழும் கேள்வி

கூர்ந்து படிப்பவர் ஒன்று கேட்பார். விளையாட்டை முதலில் வைத்து, சும்மா இருந்த நேரத்தை அதன் மேல் அடுக்கியதால்தானே விலை உயர்ந்த அடுக்கு பின்னதன் தலையில் விழுந்தது? வரிசையை மாற்றினால் தீர்ப்பும் மாறாதா?

மாறும். சும்மா இருக்கும் 88 யூனிட்டை முதலில் சேர்த்தால் மொத்தம் 468, பில் ரூ. 1,603.40. பிறகு விளையாட்டைச் சேர்த்தால் கூடுவது ரூ. 713.80. அதாவது யூனிட்டுக்கு ரூ. 11 விளையாட்டின் தலையில் விழுகிறது. மீட்டருக்கு எந்த யூனிட் எதற்குப் போனது என்று தெரியாது. கடைசியாக வருவது எதுவோ அதுவே எல்லையைத் தாண்டியதாகத் தோன்றும்.

ஆகவே இது வெறும் கணக்கால் தீராத கேள்வி. இரண்டில் எதை விட்டால் எதை இழப்போம் என்று கேட்க வேண்டும். விளையாட்டுக்காகத்தான் அந்தக் கணினி வாங்கப்பட்டது. அதை விட்டால் வாங்கிய காரணத்தையே விடுகிறோம். ஆளில்லாமல் ஓடும் நேரத்தை விட்டால் இழப்பது ஒன்றுமில்லை. எனவே உயர்ந்த அடுக்கின் பொறுப்பை அந்த நேரத்தின் மேல் வைப்பதே முறை. வரிசையை எப்படி மாற்றினாலும் ஒன்று மாறுவதில்லை: இன்றைய பில்லிலிருந்து விளையாட்டை நீக்கினால் மிச்சமாவது ரூ. 713.80, சும்மா இருக்கும் நேரத்தை நீக்கினால் மிச்சமாவது ரூ. 858.70. எதையும் இழக்காத வழியில்தான் மிச்சமும் அதிகம்.

எங்கே கை வைப்பது

கேமிங் கணினியின் மின்செலவைக் குறைக்க வழி தேடுபவர்களுக்கு அதிகம் சொல்லப்படும் ஆலோசனை கிராபிக்ஸ் கார்டின் மின்வரம்பைக் குறைப்பது. அது நல்ல ஆலோசனைதான். 200 வாட்டை 150 ஆக்கினால் பெரும்பாலான கேம்களில் பிரேம் வேகம் சிறிதளவே குறையும், சத்தமும் சூடும் தணியும். ஆனால் மூன்று மணி நேர விளையாட்டில் மாதத்துக்கு மிச்சமாவது சுவர்க் கணக்கில் 5 யூனிட். ப்ரோன்ஸ் தர எஸ்எம்பிஎஸ்-ஐக் கழற்றிவிட்டு கோல்டு வாங்கினால் விளையாட்டு நேரத்தில் மிச்சம் மாதம் 2 யூனிட்டுக்குள்தான். கரண்ட் பில்லைக் குறைப்பதற்காக மட்டும் அதை வாங்குவதில் பொருளில்லை.

இவற்றோடு ஸ்லீப்பை ஒப்பிட்டுப் பார்க்கலாம். ஸ்லீப்பில் ரேமுக்கு மட்டும் மின்சாரம் போகும், சுவரில் 3 வாட் அளவு. 21 மணி நேரத்தையும் ஸ்லீப்பில் கழித்தால் மாதம் 2 யூனிட்டுக்கும் குறைவு. 44 யூனிட் 2 ஆகிறது. நம் 380 யூனிட் வீட்டில் இரண்டு மாதப் பில்லில் ரூ. 833 குறைகிறது. காசு செலவில்லை, பிரேம் வேகம் குறையவில்லை, விட்ட இடத்திலிருந்து சில நொடியில் தொடரலாம்.

ஸ்லீப் அமைத்தும் கணினி தூங்காமல் இருப்பதுதான் இந்த வழியில் வரும் உண்மையான தொல்லை. கேம் லாஞ்சர், உலாவியில் ஓடும் காணொளி, ஆடியோ சாதனம் என்று ஏதோ ஒன்று விழித்திரு என்று கேட்டுக்கொண்டிருக்கும். விண்டோஸில் நிர்வாகி உரிமையோடு கட்டளைச் சாளரத்தைத் திறந்து முதல் கட்டளையைக் கொடுத்தால் தூங்கவிடாமல் தடுப்பது எது என்று தெரியும். இரண்டாவது, கடைசியாக எழுப்பியது எது என்று சொல்லும். மூன்றாவது, 20 நிமிடம் தொடாமல் இருந்தால் ஸ்லீப்புக்குப் போக வைக்கும்:

```
powercfg /requests
powercfg /lastwake
powercfg /change standby-timeout-ac 20
```

அடிக்கடி கரண்ட் போகும் ஊரில் ஸ்லீப்புக்கு ஒரு குறை உண்டு. யுபிஎஸ் இல்லாமல் கரண்ட் போனால் ரேமில் இருந்தது அழிந்துவிடும், சேமிக்காத வேலையும் போய்விடும். அங்கே ஹைபர்னேட் பொருத்தமானது. ரேமில் உள்ளதை எஸ்எஸ்டியில் எழுதிவிட்டுக் கணினி முழுதாக அணைந்துவிடும். எழ இன்னும் சில நொடி ஆகும், அவ்வளவுதான்.

அணைத்து அணைத்துப் போட்டால் கணினி கெட்டுவிடும் என்ற அச்சமும் நாளெல்லாம் ஓடவிட ஒரு காரணமாகச் சொல்லப்படுகிறது. நாளுக்கு ஓரிரு முறை அணைத்துப் போடுவதைத் தாங்கும்படிதான் இந்தப் பாகங்கள் செய்யப்படுகின்றன. மாறாக, ஃபேனின் பேரிங்கும் எஸ்எம்பிஎஸ்-இன் கெபாசிட்டரும் ஓடும் மணிக்கணக்கில் தேய்பவை. மாதத்தில் 630 மணி நேரம் வீணாக ஓடவிடுவது அவற்றைக் காப்பாற்றுவதாகாது.

தீர்ப்பு பொருந்தாத இடங்கள்

கணினி மாறினால் எண்கள் மாறும். 450 வாட் வரம்புள்ள ஆர்டிஎக்ஸ் 4090 போன்ற கார்டு இருந்தால் மானிட்டரோடு விளையாட்டு 630 வாட் அளவுக்குப் போகும், சும்மா இருக்கையில் 90. அங்கே சமநிலை நாளுக்கு மூன்று மணி நேரம். அதற்கு மேல் விளையாடுகிறவருக்கு விளையாட்டே பெரிய செலவு, மின்வரம்பைக் குறைப்பதற்கும் அங்கே பொருள் கூடும். கார்டு சிறியதாக இருந்தால் சமநிலை நாலரை மணி நேரத்துக்கு மேல் போய், சும்மா இருக்கும் நேரத்தின் பங்கு இன்னும் வலுவாகும்.

வீடு மாறினாலும் மாறும். கோடையில் ஏசி ஓடி ஏற்கெனவே 620 யூனிட் எடுக்கும் வீட்டில் கணினியின் 153 யூனிட்டும் ஒரே அடுக்கில், ரூ. 9.45-க்கு விழும். அங்கே விளையாட்டு ரூ. 614, சும்மா இருப்பது ரூ. 832. பெரியது எது என்பது மாறவில்லை, இடைவெளி சுருங்கியிருக்கிறது. ஆனால் ஏசி அறையில் வைத்த கணினிக்கு இன்னொரு செலவு கூடுகிறது. அது இழுக்கும் மின்சாரம் முழுவதும் கடைசியில் அறைக்குள் வெப்பமாகவே இறங்கும். மூன்று பங்கு வெப்பத்தை வெளியே தள்ள ஏசிக்கு ஏறக்குறைய ஒரு பங்கு மின்சாரம் தேவை. ஆகவே ஏசி ஓடும் நேரத்தில் 360 வாட் விளையாட்டு மீட்டரில் 480 ஆகவும், 70 வாட் சும்மா இருப்பது 93 ஆகவும் பதிவாகும். இரவு முழுக்க ஏசி போட்டுத் தூங்கும் அறையில் அணைக்காத கணினி இப்படி இரட்டைச் செலவு வைக்கிறது.

இவ்வளவையும் எடைபோட்ட பின் பில் கட்டுகிறவருக்குச் சொல்ல வேண்டியது: எஸ்எம்பிஎஸ்-இல் இருக்கும் 650-ஐப் பார்த்துப் பயப்பட வேண்டாம். நாளுக்கு மூன்று மணி நேர விளையாட்டு இந்த வீட்டில் மாதம் ரூ. 189-தான், அதைத் தடுக்கக் கரண்ட் பில்லைக் காரணமாகக் காட்டுவது நியாயமாகாது. விளையாடுகிறவருக்குச் சொல்ல வேண்டியது: நீங்கள் குற்றமில்லை என்று விட்டுவைக்கும் நேரத்துக்குத்தான் மாதம் ரூ. 429 போகிறது. 70 வாட் சிறிய எண்ணாக இருக்கலாம், ஆனால் 21 மணி நேரத்தில் அது 360 வாட்டின் மூன்று மணி நேரத்தை முந்திவிடுகிறது. கார்டைத் தொடுவதற்கு முன் ஸ்லீப்பை அமைத்து, அது உண்மையிலேயே தூங்குகிறதா என்று மீட்டர் விளக்கில் பாருங்கள். அதைச் செய்தபின் பில்லில் கூடுவது விளையாடியதற்கான விலையாக மட்டும் இருக்கும். அதைக் கட்டலாமா வேண்டாமா என்பதை அந்த வீடு பிறகு முடிவு செய்யலாம்.